‘ரேடியோ நெல்’ ஒலிநாடாவைத் தேடி: வானொலி நிலையத்துக்கு ஆய்வாளர் எழுதும் கடிதம்

பழைய நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவைக் கேட்டு வானொலி நிலையத்துக்கு எழுதும்போது, அந்தக் கடிதம் கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். நிலையத் தலைவரின் மேஜையில் தபால் முத்திரை விழும். அங்கிருந்து நிகழ்ச்சிப் பிரிவுக்குப் போகும். அப்புறம் ஒலிநாடா நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரிடம் இறங்கும். அவர்தான் எழுந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டி, அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். அன்றைய ஒலிபரப்பு வேலையும் அவர் தலையில்தான் இருக்கும். அவர் பத்து நிமிடம் தேடினால் “இருக்கிறது” அல்லது “இல்லை” என்று சொல்ல முடிகிற மாதிரி உங்கள் கடிதம் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்வது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

நான் இதைத் தெரிந்துகொண்டது தவறு செய்துதான். பல வருடங்களுக்கு முன்பு ஒரு நிலையத்துக்கு, “அறுபதுகளில் தங்கள் நிலையம் ஒலிபரப்பிய விவசாய நிகழ்ச்சிகளின் பிரதிகள் தேவை” என்று எழுதினேன். பதில் வரவில்லை. நான்கு மாதம் கழித்து நேரில் போனபோது ஓர் ஊழியர் என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். “எந்த நிகழ்ச்சி, எந்த மாதம் என்று இதில் எங்கே இருக்கிறது? நான் எங்கிருந்து தேடுவது, சொல்லுங்கள்” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஓர் உண்மையான விஷயத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். தஞ்சை மாவட்டத்தில் 1960களின் பிற்பாதியில் பரவிய ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி தொடர்ந்து பேசியது. அந்த நெல்லுக்கு விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்த ஒலிபரப்புகளில் விவசாயிகளிடம் எந்த மொழியில், எந்தத் தொனியில் பேசினார்கள் என்று ஒருவர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

தேதியைச் சுருக்குவதுதான் முதல் வேலை

கடிதம் எழுத உட்காருவதற்கு முன்பு ஒன்றிரண்டு வாரம் நூலகத்தில் செலவழிக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அகில இந்திய வானொலி ‘வானொலி’ என்ற பெயரிலேயே தமிழில் நிகழ்ச்சி இதழ் ஒன்றை நடத்தியது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தலைப்பில், யார் பேசுகிறார்கள் என்று அதில் நிலைய வாரியாக அச்சிட்டிருப்பார்கள். பழைய இதழ்களைச் சேர்த்துவைக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா பொது நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். தொடர்ச்சியாகக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நாலு இதழ் கிடைத்தாலே நிகழ்ச்சியின் சரியான பெயர், நேரம், எந்தக் கிழமை என்பது பிடிபட்டுவிடும்.

இதழ் கிடைக்காத மாதங்களுக்கு விஷயமே வழிகாட்டும். ஆடுதுறை 27 குறுவைப் பட்டத்துக்கு உரிய நெல், ஏறத்தாழ நூற்றைந்து நாள் பயிர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். ஆகவே விதை வாங்குவது, நாற்றங்கால் விடுவது பற்றிய பேச்சுகள் மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அறுவடை கண்ட விவசாயிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் பேட்டிகள் செப்டம்பர், அக்டோபரில் வந்திருக்கும். “1967” என்று எழுதினால் தேடுகிறவருக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். மேலே சொன்ன இரண்டு காலப்பகுதிகளைக் கொடுத்தால் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். உங்கள் ஆய்வு நாடகமோ இசையோ பற்றியதாக இருந்தால் பொங்கல், நவராத்திரி, தலைவர்களின் நினைவு நாள் என்று அதற்குரிய நாட்காட்டி ஒன்று இருக்கும், அதை வைத்துச் சுருக்குங்கள்.

ஊர்ப் பெயரும் பயிர்ப் பெயரும் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவை. கணினியில் தேடுபவருக்கு உதவியாக Tiruchirapalli, Tiruchirappalli, Trichy என்ற மூன்று எழுத்துக்கூட்டல்களையும், ADT 27, ADT-27, Aduthurai 27 என்பவற்றையும் கடிதத்தின் அடியில் ஒரு வரியாகக் கொடுத்துவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் “இல்லை” என்று வரும் பதில்களில் சில, எழுத்துக்கூட்டல் பொருந்தாததால் வருபவை.

யாருக்கு எழுதுவது

ஆகாசவாணி இப்போது பிரசார் பாரதியின் கீழ் இயங்குகிறது. 1990இல் இயற்றப்பட்ட சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தபோது வானொலியும் தூர்தர்ஷனும் அந்த அமைப்புக்குள் வந்தன. பழைய ஒலிப்பதிவுகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, நிகழ்ச்சியைத் தயாரித்த நிலையத்தின் சொந்த நூலகம். இன்னொன்று, தில்லியிலுள்ள மைய ஆவணக் காப்பகம். தேசியத் தலைவர்களின் உரைகள், பெரிய இசைக் கலைஞர்களின் கச்சேரிகள் போன்றவைதான் தில்லிக்குப் போய்ப் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாவட்டத்து விவசாயிகளுக்காகத் தமிழில் செய்த நிகழ்ச்சி இருந்தால், அது அந்த நிலையத்தில்தான் இருக்கும். அதனால் நம் கடிதம் திருச்சி நிலையத் தலைவருக்குப் போகட்டும், ஒரு நகலைத் தில்லி காப்பகத்துக்கு அனுப்புங்கள். நிலையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அனுமதிக்காகக் கோப்பு தில்லிக்குப் போக நேர்ந்தால் அங்கே படிக்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, ஆகவே ஒரு பக்க ஆங்கில வடிவத்தையும் கூடவே இணைத்துவிடுங்கள்.

பிரதி வேறு, அனுமதி வேறு

புதிதாக எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் சறுக்கும் இடம் இது. “பிரதி தந்து உதவவும்” என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். நிலையம் பிரதியைத் தந்தால் கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். அதற்குமேல் செய்கிற ஒவ்வொன்றும் தனிக் கேள்வி. ஆய்வேட்டில் சில வரிகளை மேற்கோள் காட்டுவது ஒன்று. முழுப் பேச்சையும் எழுத்தில் பெயர்த்துப் பின்னிணைப்பாகச் சேர்ப்பது இன்னொன்று. கருத்தரங்கில் இரண்டு நிமிடம் ஒலிக்கவிடுவது மூன்றாவது. இணையத்தில் ஏற்றுவது முற்றிலும் வேறு.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கும், திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. நாலு வரி மேற்கோளுக்கு அது போதும். ஆனால் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இப்போது ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். பின்னிணைப்பில் முழு எழுத்துப்பெயர்ப்பைச் சேர்த்தால் அதை உலகத்துக்கே வெளியிட்டதாக ஆகிவிடும். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு இது ஞாபகம் வந்து பதறுவதைவிட, முதல் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

உரிமை யாருடையது என்பதிலும் கொஞ்சம் தெளிவு வேண்டும். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1967இல் ஒலிபரப்பானதிலிருந்து கணக்கிட்டால் 2027 முடியும்வரை. பேச்சை எழுதியவர் நிலைய ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து வந்தவர் என்றால், அந்த எழுத்துக்குத் தனி உரிமை உண்டு. அது அவர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். அவரோடு நிலையம் செய்த ஒப்பந்தத்தில் எதை யார் வைத்துக்கொண்டார்கள் என்று இருக்கும், அதைப் பார்த்துச் சொல்லும்படி கடிதத்தில் கேட்கலாம். காலம் முடிந்துவிட்ட பதிவாக இருந்தாலும் நாடா அவர்கள் அலமாரியில்தான் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி வாதாடி ஒரு நாடாவை வெளியே கொண்டுவர முடியாது, மரியாதையாகக் கேட்டால்தான் வரும்.

கடிதம்

இனி கடிதத்தையே பார்ப்போம். ஒரு பக்கத்துக்குள் முடியட்டும்.

அனுப்புநர்: (பெயர்), முனைவர் பட்ட ஆய்வாளர், (துறை, பல்கலைக்கழகம், முகவரி, தொலைபேசி)

பெறுநர்: நிலையத் தலைவர் அவர்கள், ஆகாசவாணி, திருச்சிராப்பள்ளி

பொருள்: ஆடுதுறை 27 நெல் பற்றிய பழைய விவசாய நிகழ்ச்சிகள் (1967) – ஆய்வுக்காக ஒலிப்பிரதியும் பயன்படுத்த அனுமதியும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தஞ்சைப் பகுதி விவசாய ஒலிபரப்புகளின் மொழிநடை பற்றி மேற்கண்ட பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவருகிறேன். நெறியாளரின் கடிதமும் ஆய்வுச் சுருக்கமும் இணைத்துள்ளேன்.

தங்கள் நிலையம் 1967ஆம் ஆண்டு மே 20 முதல் ஜூலை 31 வரையிலும், செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரையிலும் ஒலிபரப்பிய விவசாய நிகழ்ச்சிகளில் ஆடுதுறை 27 நெல் பற்றிய உரைகளும் விவசாயிகள் பேட்டிகளும் எனக்குத் தேவைப்படுகின்றன. ‘வானொலி’ இதழில் நான் கண்ட தலைப்புகளையும் தேதிகளையும் தனித்தாளில் தந்துள்ளேன். எல்லாம் கிடைக்காவிட்டால் அவற்றில் முதல் மூன்று மட்டும் போதுமானவை.

ஒலிநாடா இல்லையென்றால், அந்நிகழ்ச்சிகளின் எழுத்துப் பிரதி, கியூ ஷீட், ஒலிபரப்புப் பதிவேடு ஆகியவற்றில் எது இருந்தாலும் நேரில் வந்து பார்க்க அனுமதி வேண்டுகிறேன்.

கிடைக்கும் பதிவை (1) நான் கேட்டுக் குறிப்பெடுக்கவும், (2) ஆய்வேட்டில் மேற்கோள் காட்டவும், (3) முழு எழுத்துப்பெயர்ப்பைப் பின்னிணைப்பாகச் சேர்க்கவும் அனுமதி கோருகிறேன். ஆய்வேடு சோத்கங்காவில் பொதுப் பார்வைக்கு வரும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒலிக்கோப்பை யாருக்கும் தரமாட்டேன், இணையத்தில் ஏற்றமாட்டேன். வேறு எவரிடமாவது உரிமை இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர்களிடம் தனியே அனுமதி பெற்றுக்கொள்கிறேன்.

கட்டணம் எவ்வளவு, எப்படிச் செலுத்த வேண்டும், நன்றிக் குறிப்பை எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நன்றி.

இந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். “முதல் மூன்று மட்டும் போதுமானவை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். இருபது தலைப்பைக் கேட்டால் இருபதையும் தேடி முடிக்கும்வரை பதில் எழுத மாட்டார்கள். மூன்று என்றால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. அந்த மூன்றில் ஒன்று கிடைத்துவிட்டால், அடுத்த கடிதத்தில் மற்றவற்றைக் கேட்பது சுலபம்.

இன்னொன்று, “ஒலிநாடா இல்லையென்றால்” என்று தொடங்கும் பத்தி. நாடா அன்று விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வது வழக்கம். அன்றாட விவசாயப் பேச்சுகள்தான் இப்படி முதலில் போயிருக்கும். 1967ஆம் ஆண்டு ஒலி கிடைப்பதைவிட அதன் தாள் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். கியூ ஷீட் என்பது அன்றைய ஒலிபரப்பை நேர வாரியாக எழுதிவைத்த தாள். அது கையில் இருந்தால் யார் பேசினார், எத்தனை நிமிடம், எந்த இசை முன்னே வந்தது என்று தெரியும். மொழிநடை ஆய்வுக்கு எழுத்துப் பிரதியே பாதி வேலையை முடித்துவிடும். இந்தப் பத்தி இல்லாத கடிதத்துக்கு “ஒலிநாடா இல்லை” என்று ஒரே வரியில் பதில் வரும், அத்தோடு கதவு மூடிக்கொள்ளும்.

கடிதத்தோடு நெறியாளரின் கடிதம் (துறையின் முகப்புத் தாளில், முத்திரையோடு), அடையாள அட்டை நகல், 200 சொல்லுக்குள் ஆய்வுச் சுருக்கம், தலைப்புப் பட்டியல் ஆகியவற்றை இணைத்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் அதே நாளில் ஒரு பிரதி போகட்டும்.

பதில் வராவிட்டால்

மூன்று வாரம் பொறுத்திருந்து தொலைபேசியில் கேளுங்கள். “என் கடிதம் என்ன ஆயிற்று” என்று கேட்காமல், “இந்தத் தேதியில் அனுப்பிய கடிதம் எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது” என்று கேளுங்கள். பிரிவு தெரிந்தால் அடுத்த அழைப்பு நேராக அங்கே போகும். முடிந்தால் நேரில் போவது இன்னும் நல்லது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலை ஒலிபரப்பு முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது உண்மைதான். “1967ஆம் ஆண்டு விவசாய நிகழ்ச்சிகளின் நாடாக்கள் எத்தனை உள்ளன” என்ற கேள்விக்கு அது பொருந்தும். ஒலிப்பிரதிக்கு அது சரியான வழி இல்லை. அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமையை மீறுவதாக இருந்தால் மறுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. அதோடு, உங்களுக்கு உதவ நினைத்த நூலகர் அன்றிலிருந்து கோப்புக்குப் பதில் எழுதுகிறவராக மாறிவிடுவார். இரண்டு கடிதத்துக்கும் ஒரு நேர்ச் சந்திப்புக்கும் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மட்டும் அதைக் கையில் எடுங்கள்.

பிரதி கைக்கு வந்ததும்

எந்தக் கோப்பு வடிவத்தில் கேட்பது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. கேட்டு எழுதுவதற்கு எம்பி3 போதும். கால் மணி நேர நிகழ்ச்சி 15 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். உச்சரிப்பையோ குரலையோ அளந்து பார்க்கும் ஆய்வு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகக் கேளுங்கள். அதே கால் மணி நேரம் சுமார் 130 மெகாபைட் வரும், அதனால் புதிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் நேரத்தைப் பாருங்கள். கியூ ஷீட்டில் பதினைந்து நிமிடம் என்று இருக்கும் நிகழ்ச்சி கோப்பில் முப்பது நிமிடம் ஓடி, குரலும் கனத்துக் கேட்டால், நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். ஏழரை நிமிடத்தில் முடிந்து கீச்சுக்குரலாகக் கேட்டால் இரட்டை வேகம். பேச்சுக்கு அடியில் பின்னோக்கி ஓடும் பேச்சு மங்கலாகக் கேட்டால், நாடாவின் மறுபக்கத்துத் தடமும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கணம் முன்னால் அதே சொல் மெல்லக் கேட்கிறது என்றால், சுருட்டிவைத்த நாடாவில் அடுத்த சுற்றின் ஒலி பல வருடமாகப் பதிந்துபோயிருக்கிறது. இந்தக் கடைசிக் குறை நாடாவிலேயே இருப்பது, நிலையத்தார் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மூன்றையும் தெளிவாக எழுதிச் சொன்னால் மறுபடி ஓட்டித் தருவார்கள். உங்கள் கணினியிலேயே வேகத்தைச் சரிசெய்துகொண்டால், அதை ஆய்வேட்டில் குறிப்பிட்டுவிடுங்கள்.

அடுத்ததாக, தொடக்க அறிவிப்பை இரண்டு மூன்று தரம் கேளுங்கள். பழைய பதிவைப் பல வருடம் கழித்து மறுஒலிபரப்பு செய்யும்போது புதிய அறிவிப்பாளர் குரலில் முன்னுரை சேர்த்திருப்பார்கள். அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் தேதி அந்த மறுஒலிபரப்பின் தேதியாக இருக்கலாம். பேட்டியில் வரும் விவசாயி “போன குறுவையில் போட்டேன்” என்று சொன்னால் அது எந்தக் குறுவை என்பது, பெட்டியின் தேதியை நம்பினால் நாலைந்து வருடம் தள்ளிப்போய்விடும். அறிவிப்பின் குரலும் பேச்சின் குரலும் ஒரே ஒலித்தரத்தில் இருக்கின்றனவா என்று கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்படித் தேதி மாறியிருப்பதைக் கண்டால், யார் பேசுகிறார், எந்த ஊர், எந்தப் பட்டம் என்று நீங்கள் கண்டறிந்ததையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, எழுத்துப்பெயர்ப்பின் நகலோடு நிலையத்துக்கு அனுப்புங்கள். அதை நாடாப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்துவிடும்படி நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.